கண்ணாடிக்குள் தெரியும் சுவர்: ஹட்டனில் ஒரு சின்ன சலூனை மாற்றிய விவரம்

ஹட்டன் நகரில் ஒரு கடை வரிசையின் கடைசிக் கடை அது. அகலம் 9 அடி, நீளம் 19 அடி, கூரை உயரம் 9 அடி. இரண்டு கதிரை, பின்னால் தலை கழுவும் பேசின், முன்னால் வீதியைப் பார்த்த கண்ணாடி. பெண்களுக்கான சலூன். நடத்துகிற அக்கா கொழும்பில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கை சுத்தமான வேலை. முடி வெட்டவும் புருவம் எடுக்கவும் கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஆனால் கல்யாண மேக்கப், முடிக்குக் கலர், கெரட்டின் என்று கொஞ்சம் பெரிய காசு வரும் வேலைகளுக்கு அதே பெண்கள் கண்டிக்குப் போனார்கள்.

அவர் என்னைக் கூப்பிட்டது சீலிங் அடிக்க எவ்வளவு கரண்ட் வேலை வரும் என்று கேட்கத்தான். ஒரு கொந்தராத்துக்காரர் ஏற்கெனவே பார்த்துவிட்டு ஜிப்சம் சீலிங், அதில் பன்னிரண்டு டவுன்லைட், சுவருக்கு பேனல், தரைக்கு டைல் எல்லாம் சேர்த்து 420,000 ரூபா கேட்டிருந்தார். கடை வாடகைக் கடை. சுவரை உடைக்கக் கூடாது, தரையைத் தோண்டக் கூடாது என்று சொந்தக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார். அதனால் எதை உடைக்காமல் எதை மாற்றலாம் என்று பார்க்க வேண்டியிருந்தது.

நான் கடைகளுக்கு வயரிங், லைட், தட்டு வேலை செய்கிறவன். இப்படி ஒரு இடத்துக்குப் போனால் முதலில் அளவுநாடாவை எடுப்பதில்லை. வாடிக்கையாளர் உட்காரும் கதிரையில் போய் உட்காருவேன். அன்றைக்கும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கதிரையில் இருப்பவருக்கு சீலிங் தெரியாது. தரையும் தெரியாது. தெரிவது கண்ணாடி ஒன்றுதான். அதில் முதலில் என் முகம்: கண்ணுக்குக் கீழே கறுப்பு, மூக்குக்குக் கீழே நிழல், கன்னம் சாம்பல் பூத்த மாதிரி. முகத்துக்குப் பின்னால் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த இன்னொரு கண்ணாடி. அதற்குள் என் பின்னந்தலை, அதற்குள் மறுபடி முகம், இடையில் காத்திருப்பவர்களின் பெஞ்ச், அதில் இருந்து என்னையே பார்க்கும் இரண்டு பேர். மேலே ஒரு கயிறு, அதில் காயாத துவாய்கள். தட்டில் இருபது முப்பது போத்தல்கள். ஒரு பெண் ஃபேஷியல் முடிந்து கண்ணைத் திறந்ததும் பார்ப்பது இதைத்தான். கலர் போட உட்காருகிறவர் இரண்டு மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா சொன்னார்: "தம்பி, வேலைய முடிச்சிட்டு கண்ணாடியக் காட்டுனா பொண்ணுங்க முகம் மலரணும். இங்க நல்லாத்தான் பண்ணியிருக்கேன், ஆனா பாத்துட்டு ஒண்ணும் பேசாம போயிடுறாங்க."

அதனால் நான் சொன்னது இவ்வளவுதான். சீலிங் வேண்டாம், டைல் வேண்டாம். இருக்கிற காசு முழுவதையும் கண்ணாடிக்குள் தெரிகிறவற்றுக்குச் செலவழிப்போம். அதாவது முகத்தில் விழும் வெளிச்சத்துக்கும் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவருக்கும்.

கண்ணாடி எந்தச் சுவரில்?

முன்பு இரண்டு நீளச் சுவர்களிலும் ஒவ்வொரு கண்ணாடி எதிரெதிராக இருந்தது. இடம் பெரிதாகத் தெரியும் என்று யாரோ சொல்லிச் செய்தது. எதிரெதிர்க் கண்ணாடி இடத்தைப் பெரிதாக்குவதில்லை, கூட்டத்தைப் பெரிதாக்குகிறது. கடைக்குள் நான்கு பேர் இருந்தால் கண்ணாடிக்குள் பதினாறு பேர். அதோடு இரண்டு கதிரைகளும் முதுகோடு முதுகு வந்து, நடுவில் வேலை செய்ய இரண்டடி கூட மிச்சமில்லை.

இரண்டு கதிரையையும் ஒரே சுவருக்குக் கொண்டுவர முடிவு செய்தோம். எந்தச் சுவர் என்பதுதான் கேள்வி. மலையகத்தில் இதற்கு ஒரு தனிக் காரணம் சேர்கிறது. கடைசிக் கடை என்பதால் ஒரு பக்கம் பக்கத்துக் கடையோடு சேர்ந்த உட்சுவர், மற்றப் பக்கம் மழை அடிக்கும் வெளிச்சுவர். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் செப்டம்பர் வரை அந்த வெளிச்சுவர் ஈரத்தோடும் குளிரோடும் இருக்கும். அதில் மாட்டியிருந்த பழைய கண்ணாடியின் கீழ் ஓரம் முழுவதும் கறுத்திருந்தது. காலையில் கடையைத் திறந்து கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தால் அந்தக் கண்ணாடி மட்டும் ஆவி பூக்கும், உட்சுவரில் உள்ளது பூக்காது. குளிர்ந்த சுவரோடு ஒட்டி இருக்கும் கண்ணாடியும் குளிர்ந்திருக்கும், அதில் அறையின் ஈரம் படியும். அதனால் கண்ணாடிகள் உட்சுவருக்கு, வெளிச்சுவர் பின்னணிக்கு என்று முடிவானது.

அகலக் கணக்கு இது. கண்ணாடிச் சுவரிலிருந்து கதிரையின் நடு 3 அடி. கதிரையின் முதுகு 4 அடியில் முடிகிறது. அதற்குப் பின்னால் நின்று வேலை செய்ய இரண்டரை அடி, பிறகு ஆள் கடந்து போக இரண்டரை அடி. மொத்தம் 9. ஒரு அங்குலம் கூட மிச்சமில்லை. ஆகவே பின்னணிச் சுவரில் அலுமாரி, ஸ்டாண்ட், தட்டு எதுவும் கூடாது. அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. சாமான்களை எங்கே வைப்பது என்று கேட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீளத்தில் முன் 5 அடி காத்திருக்கும் இடம், நடு 10 அடியில் இரண்டு கதிரைகள், கடைசி 4 அடி பேசின். தண்ணீர்க் குழாய் ஏற்கெனவே பின்னால் இருந்ததால் பேசினை அசைக்கவில்லை. சின்னக் கடையில் பேசினை இடம் மாற்றுவதுதான் செலவை இரட்டிப்பாக்குகிற வேலை, அதைத் தொடாமல் திட்டம் போட முடிந்தால் போட்டுவிட வேண்டும்.

இரண்டடிக் கண்ணாடி காட்டும் எட்டடிச் சுவர்

இந்தக் கணக்கை அக்காவுக்குக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். கண்ணாடியின் அகலம் 2 அடி. கண்ணிலிருந்து கண்ணாடிக்கு 3 அடி. கண்ணாடியிலிருந்து எதிர்ச் சுவருக்கு 9 அடி. அப்படியானால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தச் சுவர் 12 அடி தூரத்தில் இருப்பது போலத் தெரியும். 3 அடித் தூரத்தில் உள்ள 2 அடி ஜன்னல் வழியாக 12 அடித் தூரத்தைப் பார்த்தால், நான்கு மடங்கு, 8 அடி அகலம் தெரியும். உயரத்தில் தரையிலிருந்து கூரை வரை முழுச் சுவரும் வந்துவிடும்.

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது, ஒரு கண்ணாடிக்கு எட்டடிச் சுவரைச் சுத்தமாக வைத்தால் போதும். கதிரைகளின் நடுவுக்கு நடு 5 அடி என்பதால் இரண்டுக்கும் சேர்த்து 13 அடி. 19 அடிக் கடையில் மீதி 6 அடி யார் கண்ணாடியிலும் வராது. இரண்டாவது, 9 அடி அறைக்குள் இருப்பவர் 12 அடி ஆழத்தைப் பார்க்கிறார். அந்த ஆழத்தில் ஒழுங்கான ஒரு சுவரும் அதில் மெல்லிய வெளிச்சமும் இருந்தால் அறை விசாலமாகிவிடும். துவாயும் போத்தலும் இருந்தால் அவைதான் பெரிதாகும்.

அளந்து பார்த்ததில், வீதிப் பக்கத்திலிருந்து மூன்றரை அடிவரை உள்ள எதிர்ச் சுவர் கண்ணாடியில் விழவில்லை. காசு மேசையை அங்கே வைத்தோம். காத்திருக்கும் பெஞ்சைக் கண்ணாடிகள் உள்ள அதே சுவரில், முன் மூலையில் போட்டோம். கதிரையில் இருப்பவரின் கண்ணாடிக்குள் பெஞ்ச் வருவதில்லை, பெஞ்சில் இருப்பவர்களுக்கும் அவர் முகம் நேராகத் தெரிவதில்லை. முகத்தில் கிரீம் பூசிக்கொண்டு இருக்கும்போது தெரிந்த ஊர்க்காரர் எதிரே இருந்து பார்ப்பது எந்தப் பெண்ணுக்கும் சங்கடம்தான். தோட்டத்திலும் டவுனிலும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அந்தச் சங்கடம் போனது, என் கணிப்பில், பெயின்டை விடப் பெரிய மாற்றம்.

பேசினுக்கு முன்னால் கூரையிலிருந்து தரைவரை ஒரு திரை. பின் கதிரையின் கண்ணாடியில் திரையின் ஒரு பகுதி விழுகிறது என்பதால் அதைச் சுவரின் நிறத்திலேயே எடுத்தோம். சாமான் முழுவதும் திரைக்குப் பின்னால், பேசினுக்கு மேலே உள்ள மூன்று தட்டுகளுக்குப் போனது. கண்ணாடிக்குக் கீழே 8 அங்குல அகலத்தில் ஒரே ஒரு பலகை. அன்றைக்குத் தேவையான சீப்பு, கத்தரி, இரண்டு போத்தல், அவ்வளவுதான் அதில்.

துவாய்தான் கடைசிவரை சிக்கலாக இருந்தது. ஹட்டன் மழையில் துவாய் வெளியே காயாது, ஆகவே எல்லாச் சலூனிலும் உள்ளேதான் கயிறு கட்டுகிறார்கள். கயிற்றைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோனால் அந்தச் சின்ன இடத்தில் காயாமல் நாற்றம் எடுக்கும். அதற்காகப் பின் ஜன்னலின் மேல் கண்ணாடி ஒன்றைக் கழற்றிவிட்டு 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தினோம். வெந்நீர் ஆவியும் கலர் மருந்தின் வாடையும் அதே வழியில் வெளியேறுகின்றன. குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்து வைக்கிற ஊரில், உள்ளே வரும்போது மருந்து வாடை மூக்கில் அடிக்காமல் இருப்பதே கடைக்கு ஒரு தரம்.

முகத்து வெளிச்சம்

பழைய வெளிச்சம் கூரையில் இரண்டு 18 வாட் எல்ஈடி டியூப். இரண்டும் 6500 கெல்வின், நம்மூரில் டேலைட் என்று கேட்டால் தருகிற நீல வெள்ளை. போனில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு அளந்தேன். போன் அளவு துல்லியமானதல்ல, ஆனால் ஒரே போனால் முன்னும் பின்னும் அளந்தால் ஒப்பிட உதவும். தலை உச்சியில் 180, முகத்துக்கு முன்னால் 70. வெளிச்சம் குறைவு என்பது பாதிதான் பிரச்சினை. வெளிச்சம் முழுவதும் மேலிருந்து வருகிறது. மேலிருந்து வருவது நெற்றியில் விழும், புருவத்துக்குக் கீழே விழாது. கொந்தராத்துக்காரர் சொன்ன டவுன்லைட்களும் மேலிருந்துதான் வந்திருக்கும். கதிரைக்கு நேர் மேலே ஒரு டவுன்லைட் வந்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு இன்னும் அழுத்தமாக விழும். ஐரோப்பிய உள்ளக வெளிச்சத் தரநிலையான இஎன் 12464-1 முடி திருத்தும் இடத்துக்கு 500 லக்ஸும் நிறம் காட்டும் அளவு 90ம் கேட்கிறது. நான் அந்த 500ஐத் தலையில் அல்ல, முகத்தில் கொண்டுவரப் பார்த்தேன்.

கண்ணாடியின் இரண்டு பக்கமும் செங்குத்தாக லைட் வைத்தோம். 3 அடி நீள அலுமினியச் சட்டம், அதற்குள் 24 வோல்ட் எல்ஈடி ஸ்ட்ரிப், மீட்டருக்கு 12 வாட்டுக்கு மேல், முகப்பில் பால் நிற மூடி. கதிரையில் உட்கார்ந்த பெண்ணின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 4 அடியில் இருக்கும். லைட்டை 3 அடியில் தொடங்கி 6 அடியில் முடித்தோம். கண்ணுக்குக் கீழேயும் வெளிச்சம் தொடங்குவதால் தாடைக்குக் கீழே நிழல் விழுவதில்லை, அக்கா எழுந்து நின்று வெட்டும்போதும் அவர் கைக்கு வெளிச்சம் கிடைக்கிறது. பால் மூடி இல்லாமல் ஸ்ட்ரிப்பை அப்படியே ஒட்டுகிறார்கள், அதுதான் மலிவாகத் தெரிகிற முதல் அடையாளம். ஒவ்வொரு புள்ளியும் கண்ணிலும் கண்ணாடியிலும் தனித்தனியாகக் குத்தும்.

இரண்டு கண்ணாடிக்கும் நான்கு சட்டம், சேர்த்து ஏறத்தாழ 45 வாட். லைன் கரண்டை 24 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் 60 வாட் டிரைவர் ஒன்று போதும். அதே போனால் முகத்தில் அளந்தபோது 480 வந்தது.

நிறம் பற்றி அக்காவிடம் நிறையப் பேச வேண்டியிருந்தது, ஏனென்றால் அவருடைய பெரிய இழப்பு அதில்தான் இருந்தது. அவர் செய்த ஒரு கல்யாண மேக்கப் கடைக்குள் அளவாக இருந்து, கோயில் வாசலுக்கு வந்ததும் கன்னம் சிவந்து, முகம் ஆரஞ்சு அடித்திருக்கிறது. பெண்ணின் தாய் அங்கேயே குறை சொல்லியிருக்கிறார். அக்கா தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். கை சரியாகத்தான் இருந்தது. நீல வெள்ளை வெளிச்சம் தோலை வெளிறக் காட்டும், அதோடு மலிவு டியூப் சிவப்பை ஒழுங்காகக் காட்டாது. கண்ணுக்குச் சிவப்புப் போதாது என்று தெரியும்போது கை இன்னும் கொஞ்சம் பூசும். வெயிலுக்கு வந்ததும் பூசியது முழுவதும் தெரிந்துவிடும். பர்கண்டி, செம்பு நிறக் கலர்களும் இப்படித்தான், கடைக்குள் வெறும் பழுப்பாகத் தெரிந்து வெளியே போய்ச் சிவக்கும்.

நிறம் காட்டும் அளவான சிஆர்ஐ என்கிற எண்ணைப் பெட்டியில் பார்க்க வேண்டும், 90க்கு மேல் இருக்க வேண்டும். ஆனால் அந்த எண் எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி, அழுத்தமான சிவப்பு அதில் இல்லை. சிவப்புக்கு ஆர்9 என்று தனி எண் உண்டு, நம்மூர்ப் பெட்டிகளில் அதை அநேகமாகப் போடுவதில்லை. ஆகவே கடையிலேயே சோதிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அரக்கு நிறப் பட்டுச் சேலையின் கரையில் ஒரு துண்டும் என் உள்ளங்கையும். முதலில் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது, பிறகு லைட்டுக்குக் கீழே. நல்ல ஸ்ட்ரிப்பில் அரக்கு அரக்காகவே இருக்கும், உள்ளங்கையில் இரத்த ஓட்டத்தின் இளஞ்சிவப்பு தெரியும். மட்டமானதில் அரக்கு காப்பி நிறமாகும், கை மெழுகு மாதிரி இருக்கும். அன்று அக்காவையும் கடைக்குக் கூட்டிப்போய் நான்கு ஸ்ட்ரிப்பில் இதைச் செய்து காட்டினேன். மூன்றாவதைப் பார்த்ததும் அவரே "இதுல சேலைக்கு உசுரே இல்ல தம்பி" என்றார். அதற்குப் பிறகு நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

எடுத்தது 4000 கெல்வின். பனிமூட்டமான பகலில் வெளியிலிருந்து வரும் வெளிச்சம் நீலம் கலந்தது, அதற்குப் பக்கத்தில் 3000 வைத்தால் முகம் மஞ்சள் பூசியது மாதிரி இருக்கும். 6500 வைத்தால் மாலை ஆறு மணிக்குக் கடை ஆஸ்பத்திரி வார்ட் மாதிரி ஆகிவிடும். நான்கு சட்டங்களுக்கும் ஒரே ரோலிலிருந்து வெட்ட வேண்டும். நான் வேறொரு கடையில் பின்னால் தேவைப்பட்டு இரண்டாவது ரோல் வாங்கி, பெட்டியில் அதே எண் இருந்தும் ஒரு பக்கம் லேசாகப் பச்சை அடித்து, முகத்தின் இரண்டு கன்னமும் இரண்டு நிறமாகத் தெரிந்து, திரும்பக் கழற்றியிருக்கிறேன்.

கண்ணாடி லைட் விட்டுவிட்டு மினுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால், மட்டமான டிரைவர் என்றால் வெளிச்சம் அலையலையாக ஓடும். இப்போது முடி வெட்டியதும் எல்லாரும் அங்கேயே ரீல்ஸ் எடுக்கிறார்கள், அதில் கோடு விழுந்தால் கடையின் பெயர் கெடும். ஹெயார் ட்ரையர் ஒன்று 2000 வாட் எடுக்கும், அதாவது 8, 9 அம்பியர். அது முன்பு டியூப் உள்ள லைனிலேயே எக்ஸ்டென்ஷன் போட்டு ஓடியது, ட்ரையர் போடும்போதெல்லாம் லைட் ஒரு கணம் மங்கியது. இரண்டு கதிரைக்கும் ட்ரிப் சுவிட்சிலிருந்து தனி லைன் இழுத்து, சுவரை உடைக்காமல் கேசிங்கில் கொண்டுபோய், பெயின்ட் நிறத்தையே கேசிங்குக்கும் அடித்தோம்.

பின்னணிச் சுவரில் நான் செய்த தவறு

வெளிச்சுவருக்கு முதலில் அடர் பச்சை அடித்தோம். யோசனை என்னுடையதுதான். தேயிலை நாடு, அடர் நிறம் ஆழம் தரும், படங்களில் அப்படித்தான் அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். காய்ந்து லைட் போட்டதும் அறை உண்மையாகவே விலையுயர்ந்த இடம் மாதிரி இருந்தது. அடுத்த நாள் அக்கா ஒருவருக்கு முடி வெட்டத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டார். கறுப்பு முடி, பின்னால் கறுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற பச்சை. கண்ணாடியில் முடியின் ஓரம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள், அதுவே போய்விட்டது. பழுப்பு முடிக்காரர்கள் ஊரில் எடுத்த படங்களைப் பார்த்து நான் நிறம் தேர்ந்திருக்கிறேன்.

திரும்ப அடித்தோம். இந்த முறை மணலும் களிமண்ணும் சேர்ந்த மாதிரி ஒரு நடுநிறம், மினுக்கம் இல்லாதது. பெயின்ட் அட்டைகள் சிலவற்றில் எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருக்கும், விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்புகிறது என்பது. 50க்குக் கிட்ட எடுத்தோம். கறுப்பு முடி அதன் முன்னால் கோடு போட்ட மாதிரி தெரிகிறது, வெள்ளை ஏப்ரனும் தெரிகிறது. கண்ணாடிச் சுவருக்கு மட்டும் மஞ்சள் மிகக் குறைவாகக் கலந்த வெள்ளை, ஏனென்றால் முகத்துக்கு மூன்றடியில் இருக்கும் சுவரின் நிறம் முகத்தில் திரும்ப விழும். முன்பு அங்கே ரோஸ் நிறம் இருந்தது. அதுவும் மேக்கப்பைக் குழப்பிய காரணங்களில் ஒன்று.

பெயின்ட் வேலை பெப்ரவரியில் செய்ததால் வெளிச்சுவர் காய்ந்திருந்தது. அதற்கு முன் வெளியே போய்ப் பார்த்தபோது கூரைப் பீலியின் இணைப்பு ஒன்று விலகி, தண்ணீர் சுவரோடு வழிந்த தடம் இருந்தது. அதைச் சரிசெய்ய அரை நாள்கூட ஆகவில்லை. உள்ளே பூத்திருந்த உப்பைச் சுரண்டி, இரண்டு வாரம் விட்டுப் பார்த்து, திரும்பப் பூக்கவில்லை என்று உறுதியான பிறகுதான் பிரைமர் அடித்தோம்.

இந்தச் சுவருக்கு மேலே, கூரையோடு ஒட்டி, ஒரு பலகைப் பெல்மட்டும் அதற்குள் 3000 கெல்வின் ஸ்ட்ரிப்பும். வெளிச்சம் மேலிருந்து சுவரில் வழிந்து இறங்கும். இது சுவருக்கு மட்டும் விழுவது, முகத்துக்கு வருவதில்லை, ஆகவே நிற வேறுபாடு குழப்பவில்லை. மாறாக, கண்ணாடிக்குள் தெளிவான முகமும் அதற்குப் பின்னால் சற்று இதமான சுவரும் தெரிந்து இரண்டும் பிரிகின்றன. தச்சு பாஸ் முதலில் ஸ்ட்ரிப்பைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலத்தில் வைத்தார். பழைய பூச்சின் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் நிழல் விழுந்து, சுவர் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. ஆறு அங்குலம் தள்ளி வைத்ததும் அத்தனையும் மறைந்தன. பூச்சைத் திரும்பப் பூசியிருந்தால் அதற்கே எத்தனை ஆயிரம்.

பழைய டியூப்கள் இரண்டையும் கழற்றவில்லை. தனி சுவிட்சில் இருக்கின்றன. முடி கூட்டித் தரை துடைக்கும்போது மட்டும் போடுவார்கள். வீதிப் பக்கக் கண்ணாடிக்கு ஐந்தரை அடி உயரம்வரை பனி ஸ்டிக்கர் ஒட்டினோம். வெளியிலிருந்து உள்ளே தெரியாது, பகல் வெளிச்சம் பரவி வரும், முன் கதிரையில் இருப்பவரின் ஒரு கன்னம் மட்டும் பளிச்சென்று இருப்பதும் குறைந்தது.

கண்ணாடியை ஒட்டும் விதம்

இது சின்ன விஷயம், ஆனால் மலையகத்தில் நான் அதிகம் பார்க்கிற சேதம் இதுதான். பழைய கண்ணாடி கறுத்ததற்குச் சுவர் ஈரம் மட்டும் காரணமில்லை. கழற்றியபோது பின்னால் சிலிக்கன் குழம்பு குழம்பாக இருந்தது, கறுப்புத் திட்டுகள் சரியாக அந்தக் குழம்பு பட்ட இடங்களிலும் இருந்தன. ஹார்ட்வெயார் கடைகளில் சாதாரணமாகத் தருவது காயும்போது வினாகிரி வாடை வருகிற சிலிக்கன். அந்த வாடை அசெட்டிக் அமிலம், அது கண்ணாடியின் பின்புற வெள்ளிப்பூச்சை அரிக்கும். நியூட்ரல் என்று போட்ட சிலிக்கன் கேட்டு வாங்க வேண்டும். டியூப்பில் எழுதியிருப்பது புரியாவிட்டால் ஒரு சொட்டை வெளியே எடுத்து முகர்ந்தால் போதும். புதிய கண்ணாடிகளைச் சுவரில் நேராக ஒட்டாமல், பின்னால் கால் அங்குல இடைவெளி விட்டு கிளிப்பில் நிறுத்தினோம். காற்று புகுந்து வெளியேறும். 2 அடி அகலம், நாலரை அடி உயரம், 6 மில்லிமீட்டர் தடிப்பு. கீழ் விளிம்பு தரையிலிருந்து 2 அடியில்.

செலவு இப்படி வந்தது: லைட்டும் டிரைவரும் சட்டங்களும் 38,000 ரூபா, இரண்டு கண்ணாடியும் கிளிப்பும் 34,000, பெயின்ட் 22,000 (அதில் என் அடர் பச்சையும் சேர்த்தி), பலகை வேலை 30,000, வயரிங்கும் எக்ஸாஸ்ட்டும் கூலியும் 28,000, திரையும் ஸ்டிக்கரும் 12,000. மொத்தம் 164,000. கடையை மூடியது ஐந்து நாள். கதிரைகள் பழையவைதான், தையல்காரர் ஒருவரிடம் கொடுத்துக் கறுப்பு ரெக்சின் மாற்றியதை அக்கா தனியாகச் செய்தார்.

இதில் முடியாதவையும் இருக்கின்றன. தரையில் பழைய சிவப்புச் சீமெந்துதான், கதிரையில் இருப்பவருக்குத் தெரியாது, ஆனால் வாசலில் நுழைகிறவருக்குத் தெரியும். மின்வெட்டு வந்தால் கண்ணாடி லைட்டுக்கு பேட்டரி கொடுக்கலாம், 45 வாட் என்பதால் சின்ன பேட்டரி தாங்கும். ட்ரையருக்குக் கொடுக்க முடியாது. மூன்றாவது கதிரை போட இடமே இல்லை, கேட்டார், போட்டால் இரண்டரை அடி வழியும் பெஞ்சும் போய்விடும் என்று மறுத்தேன்.

ஜூலையில், மழை நன்றாகப் பிடித்த ஒரு பகலில் போய்ப் பார்த்தேன். டோர்ச் அடித்துக் கண்ணாடிகளின் நான்கு ஓரமும் பார்த்தேன், ஒரு புள்ளி கூட இல்லை. வெளிச்சுவரின் கீழ் மூலையில் மட்டும் ஒரு சாண் அளவுக்குப் பெயின்ட் உப்பியிருந்தது, தரையிலிருந்து ஏறும் ஈரம், அதை ஜனவரியில் பார்க்க வேண்டும். பின் கதிரையின் இடது பக்கச் சட்டத்துக்குள் ஸ்ட்ரிப் ஒட்டு விட்டு மேல் நுனி தொங்கியது. ஒட்டுவதற்கு முன் அலுமினியத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் விட்டது அந்த ஒன்றில்தான். கழற்றித் துடைத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, முன் கதிரையில் ஒரு பெண்ணுக்கு மேக்கப் முடிந்தது. அக்கா அவரை எழுப்பி, கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய், பனிக்குள் நிறுத்தி ஒரு தடவை முகத்தைப் பார்த்தார். திரும்பி வந்து தூரிகையைத் தொடவில்லை.